டிஸ்கிரிப்ஷன்ல போட்டுட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் மருத்துவப் பக்கத்துல, சர்க்கரை நோய்க்கு உணவு சொல்ற ஒரு டாக்டரோட வீடியோவைப் பாராட்டி எழுதி, பக்கத்துலயே க்யூஆர் கோடும் போட்டிருந்தீங்க. அதுல ஒரு வரி, "ஆதாரமும் பொறுப்புத் துறப்பும் டிஸ்கிரிப்ஷனில் தெளிவாக இருக்கிறது, அதையும் மீறி நடப்பவர்களுக்கு டாக்டர் எப்படிப் பொறுப்பாவார்?"ன்னு. இதை எழுதினவங்க அந்த டிஸ்கிரிப்ஷனைத் திறந்து பாத்தாங்களான்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறேன். நான் பாத்தேன். மும்பைல ஒரு மெடிக்கல் காலேஜ் லைப்ரரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான், ஆதாரத்தைத் தேடி எடுத்துக் குடுக்கறதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை.

திறந்ததும் முதல்ல தெரியுற ரெண்டு வரில கிளினிக் போன் நம்பரும் புரோட்டீன் பவுடருக்கு டிஸ்கவுண்ட் கோடும் இருக்கு. "மோர்"னு இருக்கறதை அமுக்கி, ஹேஷ்டேக் எல்லாம் தாண்டி அடிக்குப் போனா, இது பொதுத் தகவலுக்கு மட்டும், உங்கள் மருத்துவரைக் கேட்கவும்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. வீடியோ முழுக்கத் தமிழ்ல பேசுற டாக்டருக்கு எச்சரிக்கைக்கு மட்டும் எதுக்கு சார் இங்கிலீஷ்? ஆதாரம்ங்கிற இடத்துல "லான்செட், பப்மெட்", அவ்வளவுதான். லான்செட்டாவது ஒரு மருத்துவப் பத்திரிகை, பப்மெட்ங்கிறது பத்திரிகையே கிடையாது, கோடிக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளோட கேட்டலாக். அதை ஆதாரம்னு போடறது, கடன் பத்திரத்துல சாட்சி யாருன்னு கேட்டா வாக்காளர் பட்டியலை நீட்டற மாதிரி.

இது ஏன் எனக்கு இவ்வளவு எரிச்சல்னா, இதே வீடியோவை எங்க அண்ணன் பாத்தார். செம்பூர்ல எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கார், சர்க்கரை வந்து பதினாலு வருஷம் ஆச்சு, காலைல கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும், பிரஷருக்கு மெட்டோப்ரொலாலும் சாப்பிடறவர். லான்செட்ல வந்த ஆய்வுல பாதிப் பேருக்கு சர்க்கரையே போயிடுச்சு, இட்லியையும் சோத்தையும் இன்னைக்கே நிறுத்துங்கன்னு டாக்டர் சொல்ல, இவரும் நிறுத்திட்டார். மாத்திரையை நிறுத்தல, அதைப் பத்தி வீடியோல ஒரு வார்த்தையும் இல்லையே. ரெண்டு முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு வழக்கம்போல கிளிமிப்பிரைடைப் போட்டுக்கிட்டார். பதினோரு மணிக்கு பனியன் பிழியிற அளவுக்கு வேர்த்து, அண்ணியைப் பாத்து சம்பந்தமில்லாம என்னமோ பேச ஆரம்பிச்சுட்டார். கை நடுக்கம், படபடப்பு எதுவும் இல்ல, ஏன்னா மெட்டோப்ரொலால் மாதிரி மாத்திரைங்க அதையெல்லாம் மறைச்சிடும், வேர்வை மட்டும்தான் வெளில தெரியும். அண்ணி பிரஷர்னு நினைச்சு மோர் கலக்கப் போனாங்க, நான் குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்தா 48, சர்க்கரை ரொம்ப இறங்கிப் போயிருந்தது. சர்க்கரைத் தண்ணி குடுத்து 90க்கு வந்தப்புறமும் ஆஸ்பத்திரில ராத்திரி முழுக்க வெச்சிருந்தாங்க, கிளிமிப்பிரைடு உடம்புல ரொம்ப நேரம் வேலை செய்யும், ஏறின சர்க்கரை மறுபடி இறங்கலாம்னு.

அப்புறம் நான் உக்காந்து அந்த லான்செட் ஆய்வைத் தேடினேன். டாக்டர் சொன்ன விவரத்துக்குப் பொருந்தறது 2018ல அச்சான, டைரக்ட்னு பேர் வெச்ச ஆய்வு. பிரிட்டன்ல 306 பேர், அதுல உணவு முறைக்குப் போனது 149 பேர், ஒரு வருஷ முடிவுல மாத்திரை இல்லாம சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தது 68 பேருக்கு, அதாவது 46 சதவீதம். பாதின்னு சொன்னது கிட்டத்தட்ட சரிதான், நான் மறுக்கல. ஆனா அவங்க சாப்பிட்டது முட்டையும் வெள்ளரிக்காயும் இல்ல. மூணுலேர்ந்து அஞ்சு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு 825லேர்ந்து 853 கலோரி, அதுவும் ஷேக்கும் சூப்பும் மட்டும். சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்கு மேல ஆனவங்களையும் இன்சுலின் போடறவங்களையும் சேர்க்கவே இல்ல. முக்கியமா, உணவை மாத்தின அன்னைக்கே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கண்காணிப்போட நிறுத்திட்டாங்க. எங்க அண்ணனை அந்த ஆய்வுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. டிஸ்கிரிப்ஷன்ல கட்டுரைத் தலைப்பு, வருஷம், கட்டுரையை நேரா தேடி எடுக்கற டிஓஐ நம்பர் மூணும் இருந்திருந்தா, இதை அண்ணன் பையனே அஞ்சு நிமிஷத்துல படிச்சு சொல்லியிருப்பான்.

ஆதாரம் விஷயத்துல உங்க இதழும் லேசுப்பட்டது இல்ல. ஆலிவ் எண்ணெய் கட்டுரைல ஸ்பெயின் நாட்டு பிரெடிமெட் ஆய்வுன்னு 2013 கட்டுரையைக் காட்டினீங்க. அதை வெளியிட்ட பத்திரிகையே, ஆளுங்களைக் குலுக்கல் முறைல பிரிச்சதுல கோளாறுன்னு 2018ல வாபஸ் வாங்கி, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டாச்சு, புதுசைக் காட்டுங்கன்னு மரியாதையா எழுதினேன். கடிதமும் வரல, திருத்தமும் வரல. ஒவ்வொரு வாரமும் "ஆய்வாளர்கள் கண்டுபிடித்துள்ளனர்"னு போடறீங்க, எந்த ஊர் ஆய்வாளர்னு ஒரு தடவையாவது போட்டதுண்டா? மருத்துவப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்துலயே சர்க்கரையை வேரோட அறுக்கும் சூரண விளம்பரம். மும்பைல தமிழ்ப் பத்திரிகை கிடைக்கிற கடையே குறைஞ்சு போச்சு, மாட்டுங்கா வரைக்கும் போய் வாங்கிட்டு வந்து படிக்கிறவங்களுக்கு இதுதானா மரியாதை?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்ட்ல உடல்நலம் பேசுறவங்களுக்குன்னே விதிமுறை வெளியிட்டுச்சு, தகுதி என்னன்னு சொல்லணும், டாக்டர் ஆலோசனைக்கு இது மாற்று இல்லன்னு தெளிவா போடணும்னு. அடில யாருக்கும் தெரியாம கிடக்கறது தெளிவா? உங்களுக்குத் தெரியாததில்ல, எங்க சனங்க முக்கால்வாசிப் பேர் யூடியூப்ல பாக்கறதில்ல, வெட்டின கிளிப்பா வாட்ஸப்ல வருது, அதுல டிஸ்கிரிப்ஷனே கிடையாது. அதனால எச்சரிக்கையை டாக்டர் வாயாலயும் சொல்லணும், திரைலயும் காட்டணும், டிஸ்கிரிப்ஷன்ல முதல் ரெண்டு வரியாவும் தமிழ்ல போடணும். அதுவும் "மருத்துவரைக் கேட்கவும்"னு மொட்டையா இல்ல, யார் கேக்கணும்னு பேர் சொல்லிப் போடணும்: இன்சுலின் போடறவங்க, கிளிமிப்பிரைடு, கிளிக்கிளசைடு மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க, கிட்னி கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிகள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடறவங்களை விட்டுடவே கூடாது. மாவுச்சத்தை ஒரேயடியா குறைச்சா அவங்களுக்கு ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஏறலாம், அப்போ சர்க்கரை ரீடிங் ரொம்ப ஏறாம கூட இருக்கும், அதை நம்பி வாந்தியையும் வயித்துவலியையும் அசிடிட்டின்னு விட்டுடுவாங்க.

ஆதாரம் போடறப்போ எந்த நிமிஷத்துல சொன்னதுக்கு எந்தக் கட்டுரை, அந்த ஆய்வுல இருந்தது எந்த மாதிரி நோயாளிங்கன்னு ஒரு வரி போதும். ஆய்வு எதுவும் இல்லாம தன் கிளினிக் அனுபவத்துல சொல்றதா இருந்தா அப்படியே சொல்லட்டும், அதுல என்ன குறைச்சல்? பவுடர் விக்கறதையும் சேத்து சொல்லிடட்டும்.

நான் உங்ககிட்ட கேக்கறது ரெண்டுதான். அடுத்த இதழ்ல அதே பக்கத்துல, சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க டோஸை டாக்டர்கிட்ட கேட்டு மாத்தாம இட்லி, சோறை நிறுத்தாதீங்கன்னு ஒரு சின்னக் கட்டம் போடுங்க. இனிமே எந்த வீடியோவுக்காவது க்யூஆர் கோடு போடறதா இருந்தா, யாராவது ஒருத்தர் டிஸ்கிரிப்ஷனைக் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு அச்சுக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
வாசகி,
செம்பூர், மும்பை