பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு

நாளை மறுநாள் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புகிறேன். போன வாரம் மதிப்பெண் பட்டியல் அசல்கள் இருந்த பைலை மண்டபம் பஸ்ஸில் விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் நகலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டு, பாம்பன் டீக்கடை வரை கொண்டுவந்து கொடுத்தார் ஒரு அண்ணன். பெயர் கேட்டேன், சிரித்தார். டீ கூடக் குடிக்கவில்லை. நன்றி அண்ணே.

அப்புறம் நண்பர்களே, ரோட்டுப் பாலத்தில் காற்று சட்டையைப் பிடுங்க நின்று, தூக்குப்பாலம் மேலே ஏறுவதைப் பார்த்த மாலைகள்தான் எனக்கு ஊர். ஞாயிறு இரவு நம் ஊர் 9 மணிக்குக் கூப்பிடுவேன். அப்போது அங்கே மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் நாலரை. கடலுக்குப் போகிறவர்கள் குரல் பதிவு போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான். அப்போது சாக்கு சொன்னால் விடமாட்டேன்.