டயர் மட்டும் வெடித்தால் இன்சூரன்ஸ் ஏன் கைவிரிக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்து சாலைகளில் குழிகள் வாய்பிளக்கும்போது எங்கள் கடைக்கு ஒரே மாதிரியான டயர்கள் வரத் தொடங்கும். பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம், இல்லையென்றால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். டயரைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: "முழு இன்சூரன்ஸ் இருக்கிறதே, இதற்குப் பணம் வராதா?" வராது என்று சொன்னால் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். புது டயரை விற்கப் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. ஆகவே இதை ஒருமுறை விளக்கமாக எழுதிவிடுகிறோம். நாங்கள் டயர் விற்பவர்கள். இன்சூரன்ஸ் விற்பதில்லை, அதில் எங்களுக்குக் கமிஷனும் இல்லை. கீழே எழுதுவது சொந்தக் கார்களுக்கு மட்டும். வாடகை வண்டிக்கும் லாரிக்கும் விதிகள் வேறு.

மூன்றாம் நபர் காப்பு மட்டும் எடுத்தவர்களுக்குப் பேச்சே இல்லை. அது உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் பாலிசியைத்தான் எல்லோரும் 'முழு இன்சூரன்ஸ்' என்கிறார்கள். அந்தப் பாலிசிப் புத்தகத்தில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பகுதியில், டயருக்கென்றே ஒரு வரி இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: டயர், டியூப் சேதத்துக்குப் பணம் கிடையாது; அதே நேரத்தில் வண்டியும் சேதமடைந்திருந்தால் மட்டும், புது டயர் மாற்றும் செலவில் பாதி கிடைக்கும். அந்த 'அதே நேரத்தில் வண்டியும்' என்பதில்தான் பாதிப் பேருடைய கிளெய்ம் நின்றுவிடுகிறது.

ஏன் இந்தக் கண்டிப்பு? டயர் என்பது செருப்பைப் போல நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள். காற்றைக் குறைவாக வைத்து ஓட்டினாலும், அலைன்மென்ட் பார்க்காமல் விட்டாலும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிறுத்தினாலும் டயர் ஒருநாள் வெடிக்கும். வெடித்த பிறகு, அது குழியால் போனதா கவனக்குறைவால் போனதா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. பம்பரோ கதவோ நசுங்கியிருந்தால் விபத்து நடந்ததற்கு வண்டியே சாட்சி. தனியாக ஒரு டயர் கிழிந்திருந்தால் சாட்சி இல்லை. தேய்ந்த டயரைக் கத்தியால் கீறிவிட்டுப் புதிது கேட்பவர்களும் உலகில் உண்டு. எங்களுக்கே அப்படி ஒரு டயர் வந்திருக்கிறது. கீறல் அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது.

குழியில் விழுந்தால் டயருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கடையில் பலருக்குக் கழற்றிக் காட்டியிருக்கிறோம். ரேடியல் டயரின் பக்கச்சுவரில் ரப்பருக்கு உள்ளே மெல்லிய நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, இந்த இழைகள்தான். வேகமாகப் போய்க் குழியின் விளிம்பில் மோதும்போது பக்கச்சுவர் மடங்கி, குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே பாக்குவெட்டியில் சிக்கியது போல நசுங்குகிறது. அந்த இடத்தில் சில இழைகள் அறுந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம். இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரை மட்டும் தள்ளிக்கொண்டு வருகிறது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வீக்கம் எழும்புகிறது. அதற்கு ஒட்டு கிடையாது. அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. இன்னொன்று: பக்கச்சுவரில் உள்பக்கமாக ஒரு சிறு பள்ளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டயர் செய்யும்போது இழைத் துணியின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் அது. பள்ளம் பரவாயில்லை, வீக்கம்தான் ஆபத்து.

இப்போது கணக்கு. புரிவதற்காக நாங்களே வைத்துக்கொண்ட தொகைகள் இவை. வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆன, 1500 சிசிக்கு உட்பட்ட கார். முன்பக்க இடது சக்கரம் குழியில் இறங்குகிறது. புது டயர் 8,000 ரூபாய், அலாய் ரிம் 12,000 ரூபாய்.

டயரில் மட்டும் வீக்கம், ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், சாதாரணப் பாலிசியில் கிடைப்பது பூஜ்யம். அதே குழியில் ரிம்மும் வளைந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ரிம் வண்டியின் பாகம். இரண்டிலிருந்து மூன்று ஆண்டு வயதுள்ள காரின் உலோகப் பாகத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்; ரிம்முக்கு 10,200 வரும். வண்டியும் சேதமானதால் டயருக்குப் பாதி, அதாவது 4,000. கூட்டினால் 14,200. ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயைக் கழித்தால் 13,200. ஆக, குழி சற்றுப் பெரிதாக இருந்தால் பணம், சிறிதாக இருந்தால் இல்லை என்ற வேடிக்கையான நிலை.

"நான் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருக்கிறேனே" என்பார்கள். அது பிளாஸ்டிக், உலோகப் பாகங்களுக்கு நன்றாக உதவும். டயரையும் பேட்டரியையும் பெரும்பாலான ஜீரோ டெப் காப்புகள் வெளியே நிறுத்திவிடுகின்றன.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் டயர் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சற்று மாறும். தனிப் பிரீமியம் கட்டி, சொந்தச் சேதப் பாலிசியோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். வண்டியின் வேறு எந்தப் பாகமும் சேதமாகாமல் டயர் மட்டும் வெடித்தாலும், வீங்கினாலும், வெட்டுப்பட்டாலும் இது பணம் தரும். கழற்றி மாட்டும் கூலியையும் பேலன்சிங் செலவையும் பல பாலிசிகள் சேர்த்துக்கொள்கின்றன. பஞ்சருக்குக் கிடையாது. டயர் திருட்டு, இயல்பான தேய்மானம், தயாரிப்புக் கோளாறு இவற்றுக்கும் கிடையாது. தயாரிப்புக் கோளாறு என்று சந்தேகம் வந்தால் அதற்கு டயர் கம்பெனியின் வாரண்டிதான் வழி. அதை நாங்களே அனுப்பித் தருகிறோம்.

ஆனால் இங்கும் முழு விலை கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் டயரின் காடியில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து, படிப்படியாகச் சதவீதம் வைத்திருக்கின்றன. ஆழம் குறையக் குறையத் தொகையும் குறையும். உங்கள் பாலிசி அட்டவணை 4.5 மில்லிமீட்டருக்கு 75 சதவீதம் என்று சொன்னால், மேலே சொன்ன 8,000 ரூபாய் டயருக்கு 6,000 கிடைக்கும். அட்டவணை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு என்பதால், பிரீமியத்தைக் கேட்பதற்கு முன் அந்த அட்டவணையைக் கேளுங்கள். மலிவான பிரீமியத்துக்குப் பின்னால் கஞ்சத்தனமான அட்டவணை இருக்கலாம். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் சட்டப்படியே சாலையில் ஓடக் கூடாதது. அதற்கு யாரிடமும் எதிர்பார்க்க வேண்டாம். காடிக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் 1.6 வந்துவிட்டது என்று பொருள்.

கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு நாங்கள் அதிகம் பார்த்த காரணம் வேறு. காற்று இறங்கிய பிறகும் வண்டியை ஓட்டுவது. "அடுத்த பங்க் வரை மெதுவாகத்தான் வந்தேன்" என்பார்கள். டயரைத் திறந்தால் உள்ளே ரப்பர்த் துகள் கறுப்பு மாவு போலக் கொட்டும். பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் வளையமாக உரிந்திருக்கும். குழி அடித்த டயரில் சேதம் ஓரிடத்தில்தான் இருக்கும்; காற்றில்லாமல் ஓடிய டயரில் சுற்றுமுற்றும் இருக்கும். சர்வேயருக்கு இந்த வித்தியாசம் ஒரு நிமிட வேலை. மோதலால் தொடங்கிய சேதமாக இருந்தாலும், ஓட்டியதால் கூடிய சேதம் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

நோ கிளெய்ம் போனஸையும் மறக்கக் கூடாது. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி அது. இப்போது 35-இல் இருப்பவர் சொந்தச் சேதப் பகுதியில் ஒரு கிளெய்ம் செய்தால், அடுத்த முறை 45 கிடைப்பதற்குப் பதில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுவார். சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 என்றால் முதல் ஆண்டில் மட்டும் 4,050 ரூபாய் நஷ்டம். மறுபடி ஏணியில் ஏறி 50-ஐத் தொடும் வரை, பிரீமியம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 10,800. வாங்கிய 13,200-உடன் இதை வைத்துப் பாருங்கள்! டயர் புரொடெக்டில் மட்டும் கிளெய்ம் செய்தால் போனஸ் போகுமா என்பது பாலிசி வாசகத்தைப் பொறுத்தது. சிலவற்றில் போகாது. ஏஜென்டிடம் வாய்மொழியாகக் கேட்காமல், எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

யார் எடுக்கலாம்? தாழ்வான பக்கச்சுவரும் பெரிய அலாய் வீலும் உள்ள புதிய கார்க்காரர்கள் எடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் மடங்க இடமில்லை, அடி நேராக ரிம்முக்குப் போகும். டயர் விலையும் அதிகம். உயரமான பக்கச்சுவர் கொண்ட சிறிய கார், பாதி தேய்ந்த டயர் என்றால் அந்தப் பிரீமியத்தை எடுத்து வைத்து அடுத்த டயருக்குச் சேர்ப்பது மேல். டயர் விற்பவர்கள் சொல்லும் பேச்சு இது என்று நீங்கள் சிரிக்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் வழியில் வீங்கிய டயரை மாற்றிவிட்டு, பழையதை அங்கேயே பஞ்சர் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். டயர் புரொடெக்ட் இருந்தது, பில்லும் இருந்தது. பார்ப்பதற்கு டயர்தான் இல்லை. கம்பெனி மறுத்துவிட்டது, அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. ஆகவே டயர் போனால் ஓரமாக நிறுத்துங்கள். சக்கரம் வண்டியிலேயே இருக்கும்போது நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம், சேதம் அருகில் தெரியும்படி ஒரு படம், டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்கள் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, புது டயர் வாங்குவதற்கு முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பழைய டயரை டிக்கியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தால், சர்வேயர் வந்து பார்க்கும் வரை உங்கள் பெயர்ச் சீட்டு ஒட்டிக் கடையில் வைத்திருக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. காடி ஆழம் அளக்கும் கருவியும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. பாலிசி புதுப்பிக்கும் முன் வண்டியைக் கொண்டுவந்தால் நான்கு டயரையும் அளந்து, ஒரு தாளில் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடையிலிருந்து