சீலாக் கருவாட்டைத் தேடுகிறவருக்கு நம் பக்கம் கிடைக்கட்டும்: இணையதளக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் கருவாடு போடுகிற மகளிர் குழுக்களுக்காக இணையதளம் நடத்துகிற நண்பர்களுக்கு, மண்டபத்திலிருந்து வணக்கம்.

இணையப் பக்கங்களை மொழிபெயர்ப்பதுதான் எட்டு வருடமாக என் பிழைப்பு. என் அம்மாவும் சித்தியும் உங்கள் தளத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு குழுவில் இருக்கிறார்கள். போன மாதம் சித்தி ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, இங்கிலீஷ்ல பார்த்துட்டு பெங்களூர்லருந்து போன் வருது, தமிழ்ல பார்த்தேன்னு ஒருத்தர்கூடக் கூப்பிடலையே, தமிழ்ப் பக்கம் இருக்கா இல்லையா?" இருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் நானே உட்கார்ந்து தேடினேன்.

"சீலா கருவாடு" என்று போட்டேன், "வஞ்சிரம் கருவாடு" என்று போட்டேன், நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தும் நம் தளம் வரவில்லை. கடைசியில் உங்கள் பக்கத்தில் இருக்கிற தலைப்பை அப்படியே, "உலர்ந்த சீர் மீன்" என்று அடித்தேன். முதல் இடத்தில் நம் பக்கம் வந்தது. ஆக, பக்கம் கூகுளில் ஏறித்தான் இருக்கிறது. யாரும் தேடாத ஒரு சொல்லுக்கு அது முதல் இடத்தில் நிற்கிறது.

உங்கள் மொழிபெயர்ப்பில் பொருள் பிழை இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் சரியாக மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் தலைப்பும் தேடுசொல்லும் மொழிபெயர்க்க வேண்டியவை அல்ல, தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவை. வாங்க வருகிறவர் செல்பேசியில் எந்தச் சொல்லை அடிக்கிறாரோ அந்தச் சொல்தான் அந்த மீனுக்குத் தமிழ், அகராதி என்ன சொன்னாலும்.

இந்த ஒரு மீனையே எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரையில் இது சீலா. சென்னைக்காரருக்கு வஞ்சிரம். கன்னியாகுமரிப் பக்கம் போனால் நெய்மீன். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சென்னைச் சந்தையில் சீலா என்று கேட்டால் பலர் வேறொரு மீனை, நீண்ட தாடையும் கூர்ப்பல்லும் உள்ள பாரகுடாவை எடுத்துக் காட்டுவார்கள். அதனால் "சீலா கருவாடு" என்று மட்டும் தலைப்புப் போட்டால் நம் ஊர்க்காரருக்குப் புரியும், சென்னையிலிருந்து வாங்குகிறவர் ஒன்று வரவே மாட்டார், அல்லது பாரகுடா என்று நினைத்து வாங்கிவிட்டுச் சண்டைக்கு வருவார். "வஞ்சிரம்" என்று மட்டும் போட்டால், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு நம் ஊர்ச் சொல்லைத் தேடுகிற நம் பிள்ளைகளுக்குப் பக்கம் கிடைக்காது. எந்தச் சொல் முன்னால் வர வேண்டும் என்பதை உங்கள் வாடிக்கையாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். பார்சல் போகிற ஊர்களின் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது, ஒரு தடவை அதைப் புரட்டுங்கள். கூகுள் பெட்டியில் "வஞ்சிரம் க" வரைக்கும் அடித்து நிறுத்தினால் கீழே வருகிற பரிந்துரைகளைப் பாருங்கள், அவை பெரும்பாலும் உண்மையான ஆட்கள் அடித்த சொற்களிலிருந்து வருபவை. சர்ச் கன்சோலில் இந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டினால், எந்தச் சொல்லுக்கு அது ஏற்கனவே தலைகாட்டியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இவை எல்லாவற்றையும் விட, ஆர்டர் போன் எடுக்கிற அக்காவிடம் "என்ன பேர் சொல்லிக் கேட்கிறாங்க?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். "வஞ்சிரம்னுதான் முக்கால்வாசி, நம்ம ஆளுங்க மட்டும் சீலாம்பாங்க" என்றார்.

அப்படியானால் தலைப்பு "வஞ்சிரம் கருவாடு – மண்டபம் சீலா, வெயிலில் காய்ந்தது" என்று இருக்கலாம். உள்ளே முதல் பத்தியிலேயே "சென்னையில் வஞ்சிரம் என்பதை எங்கள் கரையில் சீலா என்போம், குமரிப் பக்கத்து நெய்மீனும் இதுதான், பாரகுடா அல்ல" என்று ஒரே வரியில் எழுதுங்கள். வாங்குகிறவர் ஏமாறவும் மாட்டார், மூன்று பெயரும் இயல்பாக உள்ளே வந்துவிடும். பக்கத்தின் அடியில் நாற்பது சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். நிரல் தலையில் keywords என்ற இடத்தில் நிரப்பியதும் வீண். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

அடுத்து, தமிழுக்கே உரிய ஒரு விஷயம். ஆங்கிலத்தில் மீனுக்கான சொல் எந்த வாக்கியத்தில் வந்தாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு ஏறியவுடன் சொல்லின் உடலே மாறுகிறது. கருவாடு, கருவாட்டை, கருவாட்டுக்கு, கருவாட்டில். உங்கள் பக்கத்தில் "கருவாட்டு வகைகள்", "கருவாட்டின் விலை", "கருவாட்டைச் சமைக்கும் முறை" என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் "கருவாடு" என்ற சொல் முழுப் பக்கத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை. நம்ப முடியாவிட்டால் பக்கத்தைத் திறந்து Ctrl+F அழுத்தி "கருவாடு" என்று தேடிப் பாருங்கள், சுழியம் என்று காட்டும். கூகுள் இந்தச் சொல் மாற்றங்களை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கிற தேடல் பெட்டி எழுத்தை எழுத்தோடு மட்டுமே ஒப்பிடுகிறது. அதில் கருவாடு என்று தேடினேன், "எதுவும் கிடைக்கவில்லை" என்றது. கருவாடு விற்கிற தளத்தில்!

அதனால் நான் கடைப்பிடிக்கிற பழக்கம் இது: `title`, `h1`, படத்தின் `alt`, இந்த மூன்றிலும் பெயர் எழுவாய் வடிவத்தில், உருபு ஏறாமல் நிற்க வேண்டும். ஒற்று விஷயமும் இதே மாதிரிதான். இலக்கணப்படி "சீலாக் கருவாடு", "நெத்திலிக் கருவாடு". ஆனால் செல்பேசியில் அடிக்கிறவர் க் போடுவதில்லை, நாமும் கடைப் பலகையில் போடுவதில்லை. பொருளின் பெயராக நிற்கிற தலைப்பில் ஒற்றில்லாமல் விடுங்கள், கீழே வாக்கியங்களில் இலக்கணப்படி எழுதுங்கள். தமிழாசிரியர் யாராவது கோபிக்கலாம், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

துணைத் தலைப்புகளிலும் ஆங்கிலத்தின் எலும்பு தெரிகிறது. "உங்கள் உலர்ந்த மீனைச் சேமித்தல்" என்று தமிழர் யாரும் சொல்ல மாட்டார்கள். "கருவாடு கெடாமல் எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்பார்கள், தேடும்போதும் ஏறக்குறைய அப்படித்தான் அடிப்பார்கள். அதையே தலைப்பாக வையுங்கள்.

இப்போது இணைப்புகள். "விலையைப் பார்க்க இங்கே கிளிக் செய்யவும்" என்பதில் "இங்கே" மட்டும் நீல நிறத்தில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஏழு "இங்கே". திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் கேட்கிற பார்வையற்றவருக்கு இங்கே, இங்கே என்றுதான் காதில் விழும். கூகுளுக்கும் அந்தச் சொல்லிலிருந்து அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்று தெரியாது. "இந்த வாரக் கருவாடு விலை" என்ற தொடரையே இணைப்பாக்குங்கள். இதைவிடக் கண்ணை உறுத்துவது, மொழிபெயர்ப்புக் கருவி இணைப்பின் குறிகளைப் பூட்டி வைத்ததால் வந்த இந்த வெட்டு:

```html
<a href="/en/dried-seer-fish/">உலர்ந்த சீர் மீன்</a>ஐ வாங்க
```

சொல் இரண்டாக உடைந்து, "ஐ" தனியாகத் தொங்குகிறது. போதாததற்கு இணைப்பு ஆங்கிலப் பக்கத்துக்கே போகிறது, தமிழில் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆங்கிலத்தில் போய் விழுகிறார். உருபையும் சேர்த்து முழுச் சொல்லையும் குறிக்குள் கொண்டுவந்து, தமிழ்ப் பக்கத்தையே காட்டுங்கள்:

```html
<a href="/ta/vanjaram-karuvadu/">வஞ்சிரம் கருவாட்டை</a> வாங்க
```

முகவரியை ஏன் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். தமிழ் எழுத்து முகவரியும் கூகுளுக்குச் சம்மதம்தான். ஆனால் கணினி ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று பைட்டாக வைத்திருக்கிறது, முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். எழுத்தோடு ஒட்டுகிற காலும் கொம்பும்கூடத் தனிக் குறிதான், அதனால் "கருவாடு" என்ற ஒரு சொல்லில் ஏழு குறி, அதற்கே 63 எழுத்து. வாட்ஸப்பில் ஒட்டினால் `%E0%AE%95` என்று தொடங்கி நீளமாக ஓடும், அதைப் பார்த்து ஏமாற்று இணைப்போ என்று பயந்து அம்மாவின் வாடிக்கையாளர்கள் தொடவே மாட்டேன் என்கிறார்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸ், அது முகவரித் துண்டை 200 எழுத்தில் வெட்டிவிடும், அதாவது 22 தமிழ்க் குறிகளோடு சரி. நீளமான தலைப்புகள் பாதியில் நிற்பது இதனால்தான். மாற்றும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பம் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஏற்கனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துப்போகும்.

நெத்திலிப் பக்கத்தின் கதை வேறு. அதன் தலைப்பையே அடித்துத் தேடினாலும் தமிழ்ப் பக்கம் வரவில்லை, ஆங்கிலப் பக்கம்தான் வருகிறது. மூலநிரலைத் திறந்தேன். ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழாக்கியவர் `canonical` வரியை மாற்றாமல் விட்டிருக்கிறார். "நான் நகல், அசல் அந்த ஆங்கிலப் பக்கம்" என்று தமிழ்ப் பக்கமே கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பக்கத்தின் `canonical` தன்னையே காட்ட வேண்டும். இரண்டு மொழிப் பக்கங்களும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும், ஒன்று மட்டும் சுட்டி மற்றது சுட்டாவிட்டால் கூகுள் அதைப் பொருட்படுத்தாது:

```html
<link rel="canonical" href="https://example.com/ta/nethili-karuvadu/">
<link rel="alternate" hreflang="ta" href="https://example.com/ta/nethili-karuvadu/">
<link rel="alternate" hreflang="en" href="https://example.com/en/dried-anchovy/">
```

ஆங்கிலப் பக்கத்தில் இதே இரண்டு `hreflang` வரிகளும் இருக்க வேண்டும், `canonical` மட்டும் அதன் சொந்த முகவரி. சரியானதா என்று பார்க்க, சர்ச் கன்சோலில் அந்த முகவரியைச் சோதித்து, கூகுள் எதை அசலாக எடுத்திருக்கிறது என்ற வரியைப் படியுங்கள்.

இதையெல்லாம் செய்த மறுநாளே முதலிடம் வந்துவிடாது. கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பெரிய கடைகளின் பக்கங்கள் அப்போதும் நமக்கு மேலேதான் நிற்கக்கூடும். அதனால் எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வஞ்சிரமும் நெத்திலியும் மட்டும் முதலில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பச்சை மீன் குறைகிற அந்த நாட்களில்தான் கருவாட்டைக் கேட்டு அதிகம் பேர் வருகிறார்கள். பிப்ரவரிக்குள் இந்த இரண்டு பக்கத்தையும் மாற்றினால் கூகுள் படித்து முடிக்க நேரம் இருக்கும். இரண்டுக்கும் தலைப்பும் முதல் பத்தியும் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஆர்டர் போன் எடுக்கிற அக்காவை மட்டும் ஒரு மணி நேரம் என்னோடு உட்காரவிடுங்கள்.