சதாசிவத்துக்கு ஒரு கடிதம்: பருவம் தப்பிய மாடுகள்

அன்புள்ள சதாசிவம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜெர்சிக் கலப்பு மாடு பத்து நாளைக்கொருமுறை கத்துகிறது, மூன்று சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றும், கருப்பு எச்.எஃப். மாடு கன்று போட்டு எண்பது நாளாகியும் பருவத்துக்கே வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் ஒரே ஹார்மோன் ஊசியைப் போட்டுவிடலாமா என்ற உன் கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் முதல் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பசு ஏறத்தாழ 21 நாளைக்கொருமுறை பருவத்துக்கு வரும். 18 முதல் 24 நாள் வரை இயல்பான இடைவெளிதான். அந்தச் சமயத்தில் சினைப்பையில் ஒரு முட்டைக் கொப்புளம் முற்றி, மூளையிலிருந்து எல்.எச். என்னும் ஹார்மோன் ஒரே வீச்சில் பாய்ந்ததும் வெடித்து முட்டையை விடுகிறது. அது வெடித்த இடத்தில் மஞ்சள் திரட்சி உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அது இருக்கும் வரை அடுத்த பருவம் வராது. கன்று ஈன்ற பிறகு தின்னும் தீனியைவிடக் கறக்கும் பாலுக்கு அதிகச் சத்து போகிற வாரங்களில், அந்த எல்.எச். பாய்ச்சல் சில மாடுகளில் நிகழாமல் போகிறது. அப்போது கொப்புளம் வெடிக்காமல் நீர் கோத்துப் பெருத்து அப்படியே தங்கிவிடுகிறது. நாம் நீர்க்கட்டி என்று சொல்வது இதைத்தான்.

போன ஐப்பசியில் பக்கத்து ஊரில் நான் பார்த்த ஒரு மாடு உன் ஜெர்சியைப் போலவே இருந்தது. மூன்றாம் ஈற்று, நாளைக்குப் பதினான்கு லிட்டர் கறவை. ஈன்ற ஐம்பதாம் நாள் பருவத்துக்கு வந்தது. பிறகு ஒன்பதாம் நாள், அடுத்துப் பதினான்காம் நாள், அதன்பின் எட்டாம் நாள் என்று கத்திக்கொண்டே இருந்தது. வீட்டம்மா நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியையும் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். அந்தச் சுழிகளைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. மற்ற மாடுகள் மீது ஏறிக்கொண்டே இருந்ததே தவிர, தன் மீது மற்றது ஏறினால் நகராமல் நிற்கவில்லை. வால் தொடங்கும் இடம் சற்றுத் தூக்கி, அதன் இருபுறமும் குழி விழுந்திருந்தது. அது கட்டி பலநாளாக இருப்பதன் அடையாளம். ஆனால் நீர்க்கட்டி உள்ள மாடுகளில் பெரும்பாலானவை இப்படி ஆர்ப்பாட்டம் செய்வதில்லை, ஒன்றுமே காட்டாமல் அமைதியாக இருந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்தேன். கருப்பை தொளதொளவென்று காலியாக இருந்தது. வலது சினைப்பையில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு, விரல்பட்டால் அமுங்கி மீளும் நீர்க்கொப்புளம். மஞ்சள் திரட்சி இரண்டு பக்கமும் இல்லை. அன்றே ஊசி போடவில்லை. முற்றிய சாதாரணக் கொப்புளமும் கைக்கு ஏறத்தாழ அப்படித்தான் தெரியும். அதோடு, ஈன்ற முதல் வாரங்களில் தோன்றும் கட்டிகள் பல தாமாகவே கரைந்துவிடும். பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் கட்டி அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. அதன் பிறகே ஜி.என்.ஆர்.எச். வகையைச் சேர்ந்த ப்யூசெரலின் ஊசியைத் தசையில் 5 மில்லி போட்டேன்.

இந்த ஊசி மூளையைத் தூண்டி, வராமல் போன எல்.எச். பாய்ச்சலை வரவழைக்கிறது. கட்டி அதனால் வெடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெடிப்பதில்லை; அதன் சுவரே மஞ்சள் திரட்சியைப் போல மாறுகிறது, அல்லது பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் வேறொரு கொப்புளம் முட்டையை விடுகிறது. எப்படியானாலும் புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கி, மாட்டின் ஓயாத கத்தல் அடங்கும். ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு அந்தத் திரட்சியைக் கரைத்தேன். மூன்றாம் நாள் காலை, கண்ணாடி போன்ற கோழை அறுபடாமல் நூலாகத் தொங்கியது. மற்ற மாடு ஏறியபோது அசையாமல் நின்றது. அன்று மாலை சினை ஊசி போட்டோம். அடுத்த பருவம் வரவில்லை. மூன்றாம் மாதம் கைவிட்டுப் பார்த்தபோது சினை உறுதியானது. எல்லா மாட்டிலும் இது முதல் முறையிலேயே பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றுக்கு மறுமுறை போட வேண்டியிருக்கும், சிலவற்றில் கட்டி திரும்பவும் வரும்.

சில கட்டிகளின் சுவர் முன்பே தடித்துப் புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டிருக்கும்; அவற்றுக்குப் புரோஸ்டாகிளாண்டின் மட்டுமே போதும். ஆனால் இந்த இரு வகையையும் விரலால் பிரித்தறிவது அனுபவமுள்ளவருக்கும் கடினம், ஸ்கேன் இருந்தால்தான் நம்பலாம். அதனால்தான் முதலில் ஒன்று, ஏழு நாள் கழித்து மற்றொன்று என்ற முறையை நான் விரும்புகிறேன். கட்டியைக் கையால் நசுக்கி உடைப்பதாக யாராவது வந்தால் இடம் கொடுக்காதே. உள்ளே இரத்தம் கசிந்து சினைப்பை சுற்றிலும் ஒட்டிக்கொண்டால் அந்த மாடு பிறகு சினைக்கே உதவாது.

இனி உன் கருப்பு மாடு. நீ அனுப்பிய படத்தில் விலா எலும்புகளை எண்ண முடிகிறது. அதோடு பதினாறு லிட்டர் கறக்கிறது என்கிறாய். இத்தகைய மாட்டில் சினைப்பைகள் மொச்சைக்கொட்டை போலச் சிறுத்து வழவழவென்று இருந்தால், உள்ளே கரைக்கத் திரட்சியும் இல்லை, தூண்டத் தக்க கொப்புளமும் இல்லை என்று பொருள். அப்போது எந்த ஊசியும் காசுக்குக் கேடுதான். அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டு, பசுந்தீவனத்தைக் குறைக்காதே, தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் கொடு, குடற்புழு நீக்கம் செய். உடல் தேறத் தொடங்கிச் சினைப்பையில் சிறு கொப்புளங்கள் தட்டுப்பட்ட பிறகும் பருவம் வராவிட்டால், புரோஜெஸ்டிரோன் கருவியைப் பிறப்புறுப்பினுள் ஏழு முதல் ஒன்பது நாள் வைத்து எடுப்பது பயன் தரும்.

ஒருவேளை அதன் சினைப்பையில் மஞ்சள் திரட்சியே இருக்கலாம். அப்படியானால் மாடு பருவத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, நீ பார்க்கவில்லை என்றே பொருள். இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் ஒருமுறை தொழுவத்துக்குப் போய்ப் பார். வாலில் இரத்தக் கறை கண்டால் பருவம் இரண்டு நாளைக்கு முன்பே போய்விட்டது. அன்றிலிருந்து பதினேழாம் நாள் தொடங்கிக் கவனமாக இரு.

ஒன்றை மட்டும் மனவருத்தத்தோடு எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, சினை ஊசியே போடவில்லை என்று உரிமையாளர் சொன்னதை நம்பி, கைவிட்டுப் பார்க்காமல் ஒரு மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட்டேன். மேய்ச்சலில் காளை சேர்ந்திருந்தது. நான்காம் நாள் மூன்று மாதக் கரு விழுந்தது. பருவம் வராத மாட்டில் முதலில் ஐயப்பட வேண்டியது சினையைத்தான். அந்த மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பதால், கருவுற்றிருக்கும் உன் மருமகள் ஊசிக்குப்பியைத் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ள நீயும் தொடாதே.

ஞாயிறு காலை முதல் பேருந்தில் வருகிறேன். அதற்குள் ஜெர்சி ஈன்ற தேதி, கத்திய தேதிகள், சினை ஊசி போட்ட தேதிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வை. இரண்டு மாட்டுக்கும் அதுவரை எந்த ஊசியும் வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்
இராமலிங்கம்