அந்த ‘நோர்மல்’ எதற்கு? கருத்தரிப்பு நிலைய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கு,

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்து மண்டபம் எடுத்து, பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளைப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். நல்ல காரியம்தான். நான் ஆஸ்பத்திரி இரத்த ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். இப்போதும் அக்கம்பக்கத்தார் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்த ஒன்றுதான் இந்த மடலுக்குக் காரணம்.

நிலாவெளிப் பக்கத்துத் தம்பதி. மச்சானும் மச்சாளும் கட்டிக்கொண்டவர்கள். மூத்த மகனுக்கு பீட்டா தலசீமியா, நாலு கிழமைக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். அடுத்த பிள்ளைக்கு இது வரக்கூடாது என்று உங்களைப் போன்ற ஒரு நிலையத்துக்குப் போனார்கள். ‘முளையத்துக்கு மரபணுப் பரிசோதனை’ என்று சொல்லிப் பணமும் வாங்கினார்கள். நாலு முளையங்கள் உறைய வைக்கப்பட்டன, மூன்று ‘நோர்மல்’. கருப்பையில் வைக்கப் பத்து நாள் இருக்கும்போது மனைவி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். தலசீமியா என்ற சொல்லே அதில் இல்லை.

செய்தது பிஜிடி-ஏ. அது நிறமூர்த்தங்களை எண்ணுவது: 46 இருக்கிறதா, கூடியதா, குறைந்ததா என்று. தலசீமியாவோ 11ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு சிறு மரபணுவில் பெரும்பாலும் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. புத்தகத்தின் பக்கங்களை எண்ணிப் பார்ப்பவருக்கு எழுத்துப்பிழை எப்படித் தெரியும்? அந்த மூன்று முளையங்களில் எதை வைத்திருந்தாலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து அப்படியே இருந்திருக்கும்.

இவர்களுக்கு வேண்டியது பிஜிடி-எம். அது ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைத் தேடும் சோதனை. அதனால் வேலை கருவூட்டலுக்கு முன்பே தொடங்க வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமும் எந்த மாற்றம் என்று இரத்தத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இவர்கள் சொந்தத்தில் கட்டியிருந்தும், தகப்பனிடம் இருந்தது ஒரு மாற்றம், தாயிடம் இருந்தது வேறொன்று.

அப்புறம் மூத்த பிள்ளையின் இரத்தமும் வேண்டும். ஏன் என்று நீங்கள் அறிவீர்கள், அவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஐந்தாம், ஆறாம் நாள் முளையத்தின் வெளி அடுக்கிலிருந்து எடுப்பது ஐந்து முதல் பத்துக் கலங்கள்தான். அதிலுள்ள டிஎன்ஏயைப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று சில வேளை பெருகாமல் போய்விடும். தகப்பனின் மாற்றமும் தாயின் மாற்றமும் சேர்ந்த, நோயுள்ள முளையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாயின் பிரதி காணாமல் போனால், தகப்பனின் மாற்றம் மட்டும் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் காவி மாதிரி, அதாவது ஒரு மாற்றத்தை மட்டும் சுமந்துகொண்டு நோயில்லாமல் இருப்பது மாதிரி இருக்கும். அதை வைத்துவிட்டால் பிறப்பது இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளை. இதைப் பிடிக்கத்தான் மரபணுவுக்கு இரு பக்கமும் உள்ள அடையாளங்களையும் சேர்த்துப் படிக்கிறார்கள். எந்த அடையாளம் நோயோடு வருகிறது என்று காட்டுவது மூத்த பிள்ளையின் இரத்தம்.

கடைசியில் வைப்பதைத் தள்ளிப்போட்டு, மிச்சம் வைத்திருந்த டிஎன்ஏயில் திரும்பச் சோதித்தார்கள். அந்த மூன்றில் ஒன்று நோயுள்ளது, ஒன்று காவி, மற்றதில் முடிவே வரவில்லை. காவி முளையத்தை வைக்கலாம், பெற்றோரைப் போலத்தான் அந்தப் பிள்ளையும் இருக்கும். ஆனால் அது கருப்பையில் ஒட்டுமா என்று எந்தச் சோதனையும் சொல்லாது. இருதயத்தில் ஓட்டை, ஆட்டிசம், தேடப்படாத வேறு மரபணு நோய் இவற்றுக்கும் இந்த ரிப்போர்ட்டில் பதில் இல்லை. தலசீமியாவுக்கே கூட நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. அதனால்தான் கர்ப்பத்தின் 11ஆம் கிழமைக்குப் பிறகு நச்சுக்கொடித் துணுக்கெடுத்து உறுதிப்படுத்தச் சொல்வது. நம் நாட்டில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த முடிவு பாதகமாக வந்தால் என்ன செய்வது என்று முளையம் வைக்க முன்பே அவர்களோடு பேச வேண்டாமா?

இன்னொன்று. சொந்தத்தில் கட்டியவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, குடும்பத்தில் எந்த நோயும் தெரியாதவர்களிடம் ‘எல்லாம் பார்த்துவிடலாம்’ என்று சொல்லாதீர்கள். எதைத் தேடுவது என்று தெரியாமல் பிஜிடி-எம் செய்ய முடியாது. அவர்களை முதலில் முழு இரத்த எண்ணிக்கைக்கும் ஹீமோகுளோபின் ஏ2 சோதனைக்கும் அனுப்புங்கள். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம். இருவரும் தலசீமியாக் காவிகள் என்றால்தான் மிச்சக் கதை.

அடுத்த முறை வரும்போது சம்மதப் படிவத்தில் தமிழில் இரண்டு வரி சேர்த்துக் கொண்டுவாருங்கள்: இந்தச் சோதனை எந்த நோயைத் தேடுகிறது, எதைத் தேடவில்லை. இரண்டையும் கையால் எழுதி நிரப்பிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
திருகோணமலை