முன்பணம் கட்டும் முன், தங்கமணி

கோபி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கமணி,

கடிதம் கிடைத்தது. முதுகில் போட்ட கம்பி நன்றாகப் பிடித்துவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறாய் என்று படித்ததும் அம்மாவுக்கும் எனக்கும் நிம்மதி. இங்கே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. அண்ணனை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். மற்ற சேதியெல்லாம் நேரில் பேசுவோம். கார் எடுக்க உன் பையன் இந்த வாரமே முன்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை. காரை எடுத்துவிட்டு, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்கும் ஹேண்ட் கண்ட்ரோல் கம்பியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று அவன் நினைக்கிறான். அந்தக் கம்பி எந்தக் காரில் ஒழுங்காக உட்காரும் என்று பார்த்துவிட்டுத்தான் காரையே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். வலது கால் வரவில்லை, இடது காலில் தெம்பு இருக்கிறது, ஆக்சிலேட்டரை இடது பக்கம் மாற்றினால் போதாதா என்று கேட்கிறாய். அப்படி ஒரு பெடல் இருப்பது உண்மைதான். வலது கால் மட்டும் பழுதானவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. வேறு ஆள் ஓட்டும்போது மடக்கி வைக்கக்கூடிய பெடலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இடது பாதத்தில் செருப்பு கழன்றதே தெரிவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எந்தப் பெடல் மேல் இருக்கிறோம் என்று தெரியாத கால் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் ஓட்டுவதற்கு ஆகாது. மருத்துவரைக் கேட்டுக்கொள், என் கணக்கில் உனக்குக் கைதான்.

நான் வைத்திருப்பது சாதாரணத் தள்ளு-இழு கம்பி. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் தள்ளினால் பிரேக், நம் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். உள்ளே இரண்டு பெடலுக்கும் தனித்தனியாக ராடு போகிறது. பெடல்கள் அப்படியே இருப்பதால் அண்ணனும் காலால் ஓட்டுவார். இடது கை எப்போதும் கம்பியில்தான் இருக்கும். அதனால் ஸ்டீயரிங்கை வலது கை ஒன்றேதான் திருப்ப வேண்டும், அதற்கு ஒரு குமிழ் மாட்டியிருக்கிறது.

இப்போது ஒன்றை யோசித்துப் பார். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்க பிரேக் அழுத்தியிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கிலேயே ஒரு வகையான ஏ.எம்.டி. வண்டியானாலும் நியூட்ரலிலிருந்து கியர் போட அதே கதை. பிரேக்கும் இடது கையில், கியரும் இடது கையில்! வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து கம்பியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கியர் போட வேண்டியிருக்கும். இல்லையென்றால் பிரேக்கைத் தள்ளிய நிலையிலேயே பூட்டி வைக்கும் கொக்கி உள்ள கிட் வேண்டும். கொக்கி வைத்ததையே கேள். ஆனால் அதை ஹேண்ட்பிரேக் மாதிரி நம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக் கூடாது. வண்டி நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் உள்ள வண்டி கிடைத்தால் சிக்னலிலும் கைக்கு ஓய்வு கிடைக்கும், ஆனால் அது விலை கூடிய மாடல்களில்தான் வருகிறது.

க்ளட்ச் உள்ள வண்டி வேண்டவே வேண்டாம். பையன் ஏ.எம்.டி. பார்த்திருப்பது விலை குறைவு என்பதால்தான். பொள்ளாச்சிக்குள் ஓட்டுவதற்கு அது தாராளம். உன் தம்பி வால்பாறையில் இருக்கிறானே, அதுதான் யோசனை. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வலது கை குமிழைச் சுற்ற, இடது கை பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கை தள்ளுவதிலிருந்து இழுப்பதற்கு மாறும் அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் உருளும். ஹில் ஹோல்ட் இருந்தால் இரண்டு நொடி போல வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அது போதும். அது இல்லாத வண்டியை எடுக்காதே. இறக்கத்தில் பிரேக்கையே தள்ளிக்கொண்டு வந்தால் கையும் சோரும், பிரேக்கும் சூடாகும். கீழ் கியரில் இறங்க வேண்டும். அதை வளைவுக்குள் மாற்ற இடது கை கிடைக்காது என்பதால் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

ஷோரூமுக்கு நீயே போ, பையனை மட்டும் அனுப்பாதே. வாக்கரிலிருந்து சீட்டுக்கு மாறிப் பார். சீட் உன் இடுப்பை ஒட்டிய உயரத்தில் இருந்தால் நல்லது. உயரமான வண்டியில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும், தாழ்ந்த வண்டியிலிருந்து எழுவது அதைவிடக் கஷ்டம். உட்கார்ந்த பிறகு, முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே கம்பிக்கு இடம் இருக்கிறதா, முழு பிரேக்குக்குத் தள்ளும்போது கம்பி டேஷ்போர்டிலோ முழங்காலிலோ இடிக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கிட் மாட்டுபவரையே கூட்டிப்போவது உத்தமம். முழுக்கத் தள்ளிய பிறகும் முழங்கை லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கை விறைத்து நீண்டுவிட்டால் அதற்குமேல் அழுத்தப் பலம் வராது. முழங்காலுக்கு ஏர்பேக் உள்ள மாடலானால் ராடு அதன் முன்னால் போகக் கூடாது.

இன்னொன்று, எஞ்சினை அணைத்துவிட்டு, கிட் மாட்டுபவரையே பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதிக்கச் சொல். பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஓடும்போது எஞ்சின் நின்றாலும் இப்படித்தான், பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் இருக்காது. கிட் மாட்டிய பிறகு நின்ற வண்டியில் அதே நிலையில் கம்பியைத் தள்ளிப் பார், உன் தோள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள.

மாட்டி முடித்ததும் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்தி, நீ கம்பியில் கையைச் சும்மா வை. அந்தக் கனத்துக்கே பிரேக் லைட் எரிந்தால் ராடு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். பிரேக் உரசிக்கொண்டே ஓடும், சக்கரம் சுடும். கம்பியை இழுத்துப் பிடியை விட்டதும் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்க வேண்டும். இழுவையாக இறங்கினால் ராடு தரை விரிப்பில் உரசுகிறது. கொஞ்சம் ஓடிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி முறுக்கச் சொல். பெடலுக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடும் வைக்கச் சொல்ல மறக்காதே. என் கால் துவண்ட கால், அதில் மாட்டியிருக்கும் காலிபரோடு பிரேக் பெடலுக்கு அடியில் சரியும். உனக்குக் கால் துடித்து இழுக்கிறது என்றாயே, அது பெடலையே மிதித்துவிடும்.

காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம். வண்டியை உன் பெயரிலேயே பதிவு செய், பையன் பெயரில் வேண்டாம். சான்று உள்ள கிட்டாக வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யில் ஏற்றிவிடு. ஏற்றாமல் ஓட்டினால் விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஜி.எஸ்.டி. சலுகைக்காக அந்த மாடல் இந்த மாடல் என்று இனி அலைய வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் கார் எல்லோருக்குமே 18 சதவீதம்தான்.

வருகிற சனிக்கிழமை பொழுதோடு என் வண்டியில் பொள்ளாச்சி வருகிறேன். தோட்டத்துக் களத்தில் வைத்து, நின்ற வண்டியிலேயே கம்பியைத் தள்ளி இழுத்துப் பார். எந்த இடத்தில் கை எட்டவில்லை என்று அளந்துகொண்டு அப்புறம் ஷோரூமுக்குப் போவோம். பையனை இஞ்ச் டேப் எடுத்து வைக்கச் சொல். ராத்திரி தங்குவேன், ஒறம்பரைக்குச் சமைப்பது மாதிரி எதையும் பண்ணி வைக்காதே, ராகிக் களி போதும்.

அன்புடன்,
செல்வி