ஆடி மாதத்துச் சட்டிகள்: மச்சாளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து எங்கள் கிழக்குப் பக்கம் காரைதீவுக்கு மருமகளாக வரப்போகிறீர்கள் என்று என் கணவர், உங்கள் அண்ணா, சொன்னதிலிருந்து எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்கத்தைச் சாப்பாடு எனக்கு ஒத்துவருமோ?" சாப்பாடு ஒத்துவரும். வறுத்த தூள் போட்ட குழம்புக்குப் பழகிய நாக்கு, எங்கள் பால்கறியை முதலில் நோயாளிச் சாப்பாடு என்று நினைக்கும். அப்புறம் எருமைத் தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிட்டைப் பிசைந்து ஒருநாள் சாப்பிட்டால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். உங்கள் அண்ணா இப்போது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வரும் தயிர்ச் சட்டிக்காகக் காத்திருக்கிற ஆள்.

குசினி யாருடையது என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உங்கள் பக்கமும் சீதன வீடு இருக்கிறது, ஆனால் இங்கே அந்த வழக்கம் இன்னும் இறுக்கம். அதனால்தான் அண்ணா மட்டக்களப்புக் கல்லடியில் என் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். மருமகன் என்றபடியால் அவருக்காக அம்மா எல்லாவற்றையும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தா. நீங்கள் வருவது உங்கள் மாமியின் வீட்டுக்கு. அந்த வீடு நாளைக்கு உங்கள் மாப்பிள்ளையின் தங்கைக்குப் போகும். ஆகவே அந்தக் குசினியில் உங்களுக்காக ஒன்றையும் வளைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. முதல் வருடமாவது தனியாக வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். சனம் கதைக்கும், கதைக்கட்டும்.

இது எங்கே வெளியில் தெரியும் என்றால், ஆடி மாதத்தில். 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 17 ஆடிப்பிறப்பு. ஜூலை 24 ஆடி அமாவாசை, அன்றைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். தீர்த்தத்தோடு முடியும் பத்து நாள் திருவிழாவில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அமாவாசையையும் சேர்த்து எண்ணினால் ஆறாம் நாளில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறும். அந்த வருடம் ஜூலை 29இல் ஏறி, 25 நாள் நடந்து, ஆகஸ்ட் 22இல் தீர்த்தம். அந்த 25 நாளும் அண்ணா சைவம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக ஐந்து கிழமை. நடுவில் நான்கே நான்கு நாள்தான் வீட்டுக்குள் மீன் மணக்கும்.

எங்கள் அம்மா நல்லூருக்காக மீனை விடுகிற ஆள் இல்லை. வாவியில் றால் படுகிற காலத்தில் மனுசியிடம் அதைச் சொல்லவும் முடியாது. கடைசியில் கதை சட்டியில் வந்து நின்றது. மண்சட்டி மீன் வாடையை உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. அதில் பருப்பு வைத்தால் விரதக்காரர் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். எனவே எங்கள் வீட்டில் நல்லூர்க் காலத்தில் மச்சச் சட்டி, அகப்பை, அரிவாள்மனை எல்லாம் வெளியில் மாமரத்தடி அடுப்புக்குப் போய்விடும். உள்ளே சைவம் மட்டும். அம்மாவும் பிள்ளையும் வெளித் திண்ணையில் இருந்து மீன் சாப்பிடுவார்கள், அண்ணா உள்ளே சாப்பிடுவார். நான் எந்தப் பக்கம் என்பது அன்றைக்கு என்ன மீன் என்பதைப் பொறுத்தது. ஒன்று கவனியுங்கள்: ஒரே தேங்காய்ப்பாலைப் பிழிந்து இரண்டு பக்கமும் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சண்டை வருவது அகப்பையால்தான்.

அமாவாசை வேறு விடயம். உங்கள் அப்பா காலமான பிறகு முதல் ஆடி அமாவாசைக்கு அண்ணா கீரிமலைக்குப் போக வேண்டும் என்று நின்றார். அங்கேதான் உங்கள் ஆட்கள் தகப்பனுக்குத் தீர்த்தமாடுவது. ஆனால் அன்றைக்குத்தான் மாமாங்கத் தீர்த்தம், எங்கள் ஊர் முழுக்கத் தகப்பனை இழந்தவர்கள் அந்தக் குளத்தில் நிற்பார்கள். போகச் சொல்லித்தான் சொன்னேன். அடுத்த வருடம் அவராகவே அமிர்தகழிக்கு நடந்துபோனார். விரதச் சாப்பாட்டுக்கு மட்டும் காத்தோட்டிக்காய் வேண்டும் என்றார். உங்கள் அம்மா பஸ்ஸில் அனுப்பினா. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் ஏறவில்லை, ஆனாலும் சமைக்கிறேன்.

ஆடிக்கூழை மட்டும் நீங்கள் விட்டுவிட வேண்டாம். இங்கே அது பெரிதாக இல்லை, அதனால் அது உங்களுடையதாகவே இருக்கும். வரும்போது பனங்கட்டி கொண்டுவாருங்கள். கித்துள் கருப்பட்டியில் காய்ச்சிப் பார்த்தேன், இனிப்பு இருக்கிறது, பனைவாசம் இல்லை. பனங்கட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். வறுத்து உடைத்த பயறை இரண்டாம் பாலில் நன்றாக அவியவிட்டு, அதில் கரைசலை ஊற்றுங்கள். அரிசிமாவைத் தனியாகத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கை ஊற்ற மறுகை துழாவ வேண்டும். மா வெந்து பச்சை வாசம் போன பிறகு தேங்காய்ச் சொட்டும் ஏலக்காயும் முதற்பாலும். முதற்பாலோடு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இன்னும் தண்ணியாக இருக்கிறதே என்று தோன்றும்போதே இறக்குங்கள், ஆறும்போது தானாக இறுகும். உங்கள் மாமிக்கு முதல் கிண்ணம் கொடுங்கள். எங்கள் அம்மா இப்போது ஆனி முடியும்போதே "பனங்கட்டி வந்திட்டாகா?" என்று கேட்கிறா.

பேச்சைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். அண்ணா எங்கள் மகளைக் கூட "இஞ்ச வாங்கோ, சாப்பிடுங்கோ" என்பார். "பச்சப் புள்ளைக்கு ஏங்கா இவ்வளவு மரியாதை?" என்று அம்மா சிரிப்பா. ஒருநாள் மகள் போனில் உங்கள் அம்மாவிடம் "நீ எப்ப வாற அப்பம்மா?" என்று கேட்க, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எங்களுக்கு அது செல்லம், உங்கள் அம்மாவுக்கு அடி. இப்போது அவள் வடமராட்சிக்கு "ங்கோ" போட்டும் அம்மம்மாவுக்கு "நீ" போட்டும் பேசுகிறாள். நாங்கள் திருத்தவில்லை, தானாகப் பிரித்துக்கொண்டாள்.

உங்கள் சித்தி கட்டாயம் சொல்லுவா, மட்டக்களப்புக்குப் போனால் திரும்பி வரவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. சிரித்துவிட்டு விடுங்கள். அண்ணாவுக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கனமான விடயம் ஒன்று மிச்சம். காரைதீவு கண்ணகி அம்மன் ஊர். வைகாசியில் கண்ணகியின் கதையான வழக்குரையைப் படித்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு முடியும். அந்த நாட்களில் வீட்டில் மச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை ஊர்தான் தீர்மானிக்கும், நீங்கள் இல்லை. அதோடு, யாராவது ஒரு கிழவி உங்களிடம் "என்ன குடி?" என்று கேட்பா. இங்கே குடி என்பது தாய்வழியாக வரும் குலம். என் மகளுக்கு என் குடி இருக்கிறது, அதனால் அண்ணா இந்தக் கேள்வியில் இருந்து தப்பிவிட்டார். உங்கள் பிள்ளைக்கு உங்களிடமிருந்துதான் குடி வர வேண்டும், உங்களுக்கோ குடி இல்லை. கோயில் காரியங்களில் குடிக்கு இடம் இருக்கிறபடியால் இது வெறும் வம்புக் கேள்வி அல்ல. பிள்ளையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை உங்கள் மாப்பிள்ளை தன் தாயோடும் கோயில் ஆட்களோடும் கலியாணத்துக்கு முன்பே பேசி வைக்கட்டும். நீங்கள் பேசப்போக வேண்டாம், அது அவருடைய வேலை.

அப்புறம் இன்னொன்றும் அவரிடம் கேட்டு எழுதுங்கள்: அவர்களுடைய வீட்டில் வெளி அடுப்பு இருக்கிறதா?

அன்புடன்,
கல்லடியில் இருந்து உங்கள் மச்சாள்